அப்பாவுக்கு ஒரு கடிதம்: பரண் விஷயமாக

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. சோம்பேறித்தனம் பாதி, மாயவரத்து வீட்டு வேலை பாதி. பொங்கலுக்குப் போனப்போ "இந்த வருஷமாவது வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சுடலாம்பா"ன்னு ஆரம்பிச்சது, பரண்ல வந்து நின்னுடுச்சு. அப்பாவுக்கு எண்பத்தொண்ணு. காது சரியா கேக்காது. போன்ல பேசினா ரெண்டு பேருமே கத்தறோம், கத்தினா சண்டை மாதிரியே ஆயிடுது, அப்புறம் நிஜமாவே சண்டையாயிடுது. அவர் போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிடையர் ஆனவர். லெட்டர் எழுதினா மட்டும் ரெண்டு தடவை படிப்பார். அதனால எழுதிட்டேன். பழைய வீட்டை வச்சுக்கிட்டு மல்லாடற நண்பர்கள் இங்க நிறைய பேர் இருக்கீங்க, யாருக்காவது உபயோகப்படலாம்னு அப்படியே போடறேன். (அப்பாகிட்ட பர்மிஷன் வாங்கியாச்சு. "உன் பிளாக்கை எவன் படிக்கப் போறான்"னு சொன்னார். அதை சம்மதம்னு எடுத்துக்கிட்டேன் :-))

*

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பின்கோடு சரியா எழுதியிருக்கேன், பார்த்துக்குங்க.

போன வாரம் போன்ல, "என் சாமானையெல்லாம் குப்பைங்கறே"ன்னு சொல்லிட்டு வச்சுட்டீங்க. நான் குப்பைன்னு சொல்லலை, ஆனா சொன்ன மாதிரிதான் இருந்திருக்கும். ஞாயித்துக்கிழமை பரண்ல ஏறிப் பார்த்ததை முழுசா உங்ககிட்ட சொல்லவே இல்லை. நீங்க சாப்பிட்டு தூங்கிட்டிருந்தீங்க, நான் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன். அதை இப்ப வரிசையா எழுதறேன். படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

முதல்ல உங்க ரூம் மேற்குச் சுவர். பாத்ரூம் பக்கத்துச் சுவர். பரணுக்கு மேல, உத்திரம் சுவருக்குள்ள போற இடத்துக்குக் கீழே, பென்சில் கனத்துக்கு ஒரு மண் கோடு ஓடுது. நீங்க அதைப் பார்த்துட்டு "பழசு, அம்மா காலத்துலேந்து இருக்கு"ன்னு சொன்னீங்க. பழசா புதுசான்னு தெரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கோட்டுல ஒரு இஞ்ச் மட்டும் விரலால உடைச்சு விட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் பார்த்தா அந்த ஒரு இஞ்ச் மறுபடி பூசியிருக்கு. பூசின மண் ஈரமா, மத்ததைவிட கறுப்பா இருக்கு. கறையான் வேலையை விட்டுட்டுப் போயிருந்தா உடைச்ச இடம் உடைச்சபடியே கிடக்கும். நம்ம வீட்டுல இருக்கறது ரிடையர் ஆகலைப்பா.

அந்தக் கோடு எங்க போகுதுன்னு பிடிச்சுக்கிட்டே போனேன். உங்க பேப்பர் கட்டுக்குள்ள போகுது.

இருபத்து மூணு கட்டு எண்ணினேன். வெளியில பார்த்தா ஒண்ணுமே தெரியலை, நீங்க சணல் கயிறு போட்டுக் கட்டினது அப்படியே இருக்கு. சுவரை ஒட்டியிருந்த கட்டைத் தூக்கினப்போ கனமே இல்லாம கையோட வந்துடுச்சு. பிரிச்சா, நாலு பக்கமும் ஒரு விரக்கடை பேப்பர், உள்ளே முழுக்க மண். தலைப்பு எழுத்து மட்டும் ஓரத்துல நிக்குது. அது மாதிரி ஆறு கட்டு. மீதி பதினேழு இன்னும் நல்லா இருக்கு. இதை முதல்லயே சொல்லிடறேன், எல்லாம் போச்சுன்னு நினைச்சுக்காதீங்க.

நீங்க கேப்பீங்க, "அதான் மருந்து அடிக்கப் போறீங்களே, அப்புறம் பேப்பர் அது பாட்டுக்கு இருந்தா என்ன?"

நானும் அதைத்தான் மருந்து அடிக்கறவர்கிட்ட கேட்டேன். அவர் செய்யப்போறது என்னன்னா, தரையும் சுவரும் சேர்ற மூலையில அடிக்கு ஒண்ணா ஓட்டை போட்டு, மருந்துத் தண்ணியை உள்ளே இறக்கி, வெள்ளை சிமெண்ட் வச்சு அடைச்சுடுவார். லிட்டருக்கு ரெண்டு மில்லி சொச்சம்தான் மருந்து. கறையானுக்கு வீடு மண்ணுக்கடியில. சாப்பிட மேல வரும், ஈரத்துக்குத் திரும்ப மண்ணுக்குப் போகும். கீழே மருந்து இருந்தா அந்தப் போக்குவரத்து அறுந்துபோகும், மேல மாட்டினது காய்ஞ்சு செத்துடும். சாதாரண வீட்டுல இது போதும்.

நம்ம வீட்டுல போதாது. ஏன்னா அதுக்கு மேலேயே தண்ணி கிடைக்குது. மேற்குச் சுவர் ஈரம்பா. பரணுக்கு மேல ஓரடிச் சதுரத்துக்கு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விட்டேன். (என்னடீ இதுன்னு கேட்டீங்களே, அதான்.) தாளோட உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தா தண்ணி. ரூம் புழுக்கத்தால வந்த ஈரமா இருந்தா வெளிப்பக்கம் கோத்திருக்கும். இது சுவருக்குள்ளேர்ந்து வருது. ஈரச் சுவர், அதை ஒட்டி பேப்பர், எப்பவும் இருட்டு. இதுக்கு மேல கறையானுக்கு எதுக்கு மண்ணு? கீழே என்னதான் மருந்து இறக்கினாலும் மேல இருக்கற கூட்டம் அங்கேயே குடும்பம் நடத்தும்.

ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு கொத்தனார் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தார். பாத்ரூமோட கான்கிரீட் தளம் நம்ம பழைய சுவரைத் தொடற இடத்துல, நீளத்துக்கும் ஒரு விரிசல். மழைத்தண்ணி அதுல இறங்கி சுவருக்குள்ள போகுது. அந்த பாத்ரூமை 1998ல நீங்க எதுக்குக் கட்டினீங்கன்னு எனக்குத் தெரியும். கொல்லைக்குப் போய்வர அம்மாவுக்கு முழங்கால் முடியலை. அதைக் கட்டினது தப்புன்னு யாரும் சொல்லலைப்பா. சுண்ணாம்புச் சுவரும் கான்கிரீட்டும் வெயிலுக்கு ஒரே மாதிரி நீள்றதில்லை, அதனால ரெண்டும் ஒட்டற இடம் விட்டுப்போறது சகஜமாம். அடைச்சுட்டா சரி.

தப்பு பண்ணினது நான். 2003ல தம்பி கல்யாணத்துக்கு அந்தச் சுவர்ல உப்புப் பூத்து உதிர்ந்துட்டே இருந்ததேன்னு, ஆயில் பெயிண்ட் அடிச்சுடலாம்னு சொன்னது நான்தான். அந்த நீலக் கலர் என் செலக்‌ஷன். (இப்ப பார்த்தா எனக்கே கண் கூசுது.) வருஷா வருஷம் பொங்கலுக்கு நீங்க சுண்ணாம்பு அடிச்ச வரைக்கும் சுவர் குடிச்ச தண்ணி சுண்ணாம்பு வழியா காத்துல போயிடும். நான் மேல பிளாஸ்டிக் மாதிரி ஒரு போர்வை போத்தி விட்டேன். வெளியில வர வழி இல்லாம ஈரம் மேல ஏறியிருக்கு. "சுண்ணாம்பே போதும்"னு அன்னைக்கு நீங்க சொன்னீங்க. நீங்க சொன்னதுதான் சரி. இதை எழுத்துல குடுத்திருக்கேன், பத்திரமா வச்சுக்குங்க, இந்தக் காகிதத்தை யாரும் தூக்கிப்போட மாட்டோம்.

இப்ப உத்திரத்துக்கு வர்றேன். இதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

உங்க ரூம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம் ஒன்பது, அதுக்கு மேல சாய்வா சுண்ணாம்புல அடுக்கின சின்னச் செங்கல், அதுக்கு மேல செங்கல் ஜல்லி, தட்டோடு. உங்களுக்குத் தெரியாததா, தாத்தா கட்டினது. அந்த மொத்த கனமும் உத்திரத்தோட ரெண்டு நுனியிலதான் உக்காந்திருக்கு, அந்த நுனி ரெண்டும் சுவருக்குள்ள மறைஞ்சிருக்கு. தேக்கு வைரத்தைக் கறையான் லேசுல தொடாது, உண்மை. ஆனா வருஷக்கணக்கா ஈரத்துலயே ஊறின நுனி தேக்கானாலும் மக்கும், மக்கினது அதுக்கு சாப்பாடு.

ஸ்க்ரூ டிரைவர் பிடியால ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்தேன். எட்டு உத்திரம் கணீர்னு சத்தம் குடுக்குது. தெற்கேர்ந்து நாலாவது மட்டும், மேற்கு நுனியில, தண்ணிப் பூசணியைத் தட்டின மாதிரி. டிரைவர் முனையை வச்சு அழுத்தினா அரை இஞ்ச் உள்ளே போகுது. ஆசாரி வந்து பார்த்துட்டு, ஒன்றரை அடி தள்ளி மரம் வைரமா இருக்கு, நுனி மட்டும்தான் போயிருக்குன்னார். கீழேர்ந்து முட்டுக் குடுத்துட்டு, அழுகின நுனியை அறுத்து எடுத்துட்டு, இரும்பு சேனல் வச்சு சுவரோட பிடிச்சுடலாமாம். ரெண்டு நாள் வேலை. இப்பவே பண்ணினா.

அந்த நாலாவது உத்திரத்துக்கு நேர் கீழே உங்க கட்டில் இருக்குப்பா.

முட்டு நிறுத்த தரை வேணும், தட்டிப் பூசச் சுவர் வேணும், பரண் காலியா வேணும். அதனாலதான் சாமான் வெளியில வரணும்ங்கறேன். ஷோவுக்காக இல்லை, பெயிண்ட் கம்பெனி விளம்பரத்துல வர்ற வீடு மாதிரி ஆக்கணும்னு இல்லை.

எது போகணும், எது இருக்கணும்னு நான் நினைக்கறதை எழுதறேன். கடைசி வார்த்தை உங்களுது.

அந்த ஆறு கட்டு போகணும். அதுல படிக்க ஒண்ணும் மிச்சமில்லை. மீதி பதினேழுல, இந்திரா காந்தி, எம்.ஜி.ஆர். செத்துப்போனப்ப வந்தது, சுனாமி வந்த 2004 டிசம்பர் பேப்பர், இதெல்லாம் நீங்க மேல சிவப்பு மசியில எழுதி வச்சிருக்கீங்க. அதை எடுத்து வெயில்ல உதறி, டிரங்குப் பெட்டியில போட்டு, பெட்டியை சுவர்லேர்ந்து ஒரு ஜாண் தள்ளி நாலு செங்கல் மேல வச்சுடலாம். தினப்படி பேப்பர் மட்டும் போகட்டும். நல்லா இருக்கும்போது போனா பேப்பர் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்குவார். இன்னும் ரெண்டு மழைக்காலம் போனா மண்ணைத்தான் எடை போடணும்.

தேக்கு பீரோ எங்கேயும் போகாது. தட்டிப் பார்த்தாச்சு, எஃகு மாதிரி இருக்கு. சுவரை ஒட்டாம நாலு இஞ்ச் முன்னாடி இழுத்துப் போடுவோம், அவ்வளவுதான்.

பெஞ்சு போகணும். அதைச் சொல்ல எனக்கே மனசு வரலை, நானும் தம்பியும் அதுல உக்காந்துதான் வீட்டுப்பாடம் எழுதினோம். அதுல இருக்கறது கறையான் இல்லை, வேற பூச்சி. மண் இருக்காது. குண்டூசித் தலை அளவுக்கு வட்டமா ஓட்டை, கீழே மைதா மாவு கொட்டின மாதிரி தூள். தினம் காலையில பெருக்கற அம்மா "எங்கேர்ந்துதான் மாவு கொட்டுதோ"ன்னு அலுத்துக்கறாங்களே, அதான். ஒரு கால், ஒரு பலகைன்னா மருந்து ஏத்திக் காப்பாத்தலாம். நாலு காலும், பலகையோட அடிப்பக்கமும் சல்லடையா இருக்கு. வெத்து மாமரம். மேல வார்னிஷ் இருக்கறதால முழுசா இருக்கற மாதிரி தெரியுது. நீங்க அது மேல ஏறி நின்னு பரண்ல கை விடறீங்கன்னு பக்கத்து வீட்டு மாமி சொன்னாங்க. தயவுசெய்து வேண்டாம். நான் வர்ற வரைக்கும் உக்காரக்கூட வேண்டாம்.

அப்புறம் அந்த கமாக்ஸின் பவுடர் டப்பா. பரண் மூலையில பாதி டப்பா இருக்கு. மருந்துக்காரனுக்கு எதுக்கு தண்டம், இதைத் தூவினா போதும்னீங்க. அது பி.எச்.சி. பவுடர்ப்பா. 1997லேயே நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்க. மண்ணுல போட்டா வருஷக்கணக்கா போகாது, கொழுப்புல தங்கற விஷம். அதைத் தூவின தரையிலதான் நாங்க எல்லாம் தவழ்ந்திருக்கோம், என்ன பண்றது, அப்ப யாருக்குத் தெரியும். அதைத் திறக்காதீங்க, சாக்கடையில கொட்டாதீங்க, காவேரிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். நான் வந்து ரெண்டு பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டி, மேல விஷம்னு எழுதி, மத்த குப்பையோட சேர்க்காம நகராட்சி ஆளுங்ககிட்ட என்னன்னு சொல்லித் தனியா குடுக்கறேன். கிணத்தைப் பத்தி உங்களுக்குக் கவலை இருக்கும்னு தெரியும். கிணத்தடிப் பக்கச் சுவர்ல புது மருந்தும் இறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அந்தப் பக்கம் கறையானும் இல்லை. கண்ணால பார்த்துக்கிட்டா போதும்.

இனிமே எழுதப்போறதை எப்படி எழுதறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சேன்.

மூணாவது வரிசையில, ரெண்டு பேப்பர் கட்டுக்கு நடுவுல, அரிசிச் சாக்கு ஒண்ணு இருந்தது. அம்மாவோட கணக்கு நோட்டு. பால், மளிகை, வண்ணான் கணக்கு, எனக்கு ஸ்கூல் பீஸ் கட்டினது, நடுநடுவுல மாவடு போட்ட தேதி, உப்பு எத்தனை படின்னு. அம்மா போன 2016ல "அதெல்லாம் எங்க போச்சோ"ன்னு நீங்க சொன்னீங்க. பரண்ல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு நீங்க சொல்றதுக்குக் காரணம் பேப்பர்னே இத்தனை வருஷம் நினைச்சுட்டிருந்தேன்.

மொத்தம் பத்தொன்பது நோட்டு. ரெண்டு போயிடுச்சு. அட்டை மட்டும் இருக்கு, ஒண்ணுல 1983ன்னு அம்மா எழுத்து. பேப்பர் கட்டு வழியாத்தான் வந்திருக்கு. சுத்தி இருந்தா பாதுகாப்புன்னு நீங்க வச்ச பேப்பர் அதுக்கு வழி போட்டுக் குடுத்துடுச்சு. மீதி பதினேழையும் நான் கையோட மெட்ராஸுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். உங்களைக் கேக்காம எடுத்தது தப்பு, மன்னிச்சுக்குங்க. விட்டுட்டு வர பயமா இருந்தது. ஒவ்வொரு பக்கமா காஞ்ச பிரஷ்ஷால தட்டி மண்ணை எடுத்தாச்சு. ராமபாணப் பூச்சி முட்டை இருந்தாலும் இருக்கும்னு, பாலிதீன் கவர்ல காத்துப் புகாம ஒட்டி, ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வச்சிருக்கேன். (உங்க மாப்பிள்ளை ஐஸ் எடுக்கப் போய் மாமியாரோட மளிகைக் கணக்கைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டார்.) வெளியில எடுத்ததும் கவரைப் பிரிக்காம ஒரு நாள் விடணும். சூடான காத்து பட்டா பேப்பர்ல வேர்க்கும். வர்றப்ப கொண்டுவந்து உங்க பீரோவுல, உங்க வேஷ்டிக்குப் பக்கத்துல வச்சுடறேன். பரண்ல வேண்டாம்பா.

வேலை எப்படின்னா, பிப்ரவரியில மாடி விரிசலைக் கொத்தி அடைக்கணும். அப்புறம் உத்திரம், மருந்து. அதுக்கப்புறம் மேற்குச் சுவர்ல நீலப் பெயிண்டோட பூச்சைச் செங்கல் தெரியறவரைக்கும் தட்டிட்டு, சும்மா விட்டுடணும். பெயிண்டர் மறுநாளே பட்டி பார்த்து அடிச்சுத் தர்றேன்னு சொல்றார். கேக்காதீங்க. ஈரத்து மேல பட்டி வச்சா ஆடி மாசத்துல அப்பளம் மாதிரி பொரிஞ்சு வரும். சுவர் காய இஞ்சுக்கு ஒரு மாசம்னு கணக்கு சொல்றாங்க. நம்மது கனமான சுவர், முழுசா காய ரொம்ப நாளாகும். வெயில் காலம் முழுக்க விட்டுட்டு, திரும்ப பாலிதீன் ஒட்டிப் பார்த்து, தண்ணி கோக்கலைன்னா சுண்ணாம்புப் பூச்சு, அதுக்கு மேல சுண்ணாம்பு. நீங்க சொன்ன அதே சுண்ணாம்பு. அதுவரைக்கும் நீங்க முன் ரூம்ல படுத்துக்கணும். ரேடியோ, சாய்வு நாற்காலி எல்லாம் அங்க வந்துடும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில்ல கிளம்பி சனிக்கிழமை காலையில வர்றேன். தம்பியும் வர்றான். நீங்க முற்றத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்குங்க. ஒவ்வொரு கட்டா இறக்கி உங்க முன்னாடி பிரிக்கறோம். இருக்கணும்னா சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. கோடு போட்டது வாசப்படி தாண்டாது. உங்க கண்ணுல படாம ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியில போகாது.

கண்ணாடி போட்டுக்கிட்டு நடங்க.

உங்கள் அன்பு மகள்

*

நாலு நாள் கழிச்சு போஸ்ட் கார்டு வந்தது. அவர் கையெழுத்து, நெருக்கி நெருக்கி.

"கடிதம் கிடைத்தது. ஆறு கட்டும் போகலாம். பெஞ்சை ஆசாரியிடம் மறுபடி காட்டு, அவரும் சொன்னால் போகட்டும். மாமியின் பேச்சை நம்பாதே, நான் ஒரு தடவைதான் ஏறினேன். சாக்பீஸ் இல்லை, வாங்கி வா. நோட்டு பதினேழு என்கிறாய், 1979 நோட்டு உன் அக்கவுண்டில் இருக்கிறதா பார்த்து உடனே எழுது."

ஃப்ரீசரைத் திறந்து, கவரைப் பிரிக்காம, வெளியில தெரிஞ்ச அட்டைகளை டார்ச் அடிச்சுப் பார்த்தேன். இருக்கு. அன்னைக்கே பதில் போட்டுட்டேன்.